சமூகக் கணக்கெடுப்பில் வளர்ச்சிக் குன்றல், உடல் மெலிவு, எடைக்குறைவு: மூன்றையும் பிரித்து வட்டார அலுவலர்களுக்கு எழுதுவது எப்படி?

பொன்னிநதி

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு வட்டாரத்தில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் அளந்து முடித்திருக்கிறோம். உண்மையான எண்களை வெளியிட இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே, அமைப்பு மாறாதபடி 400 குழந்தைகள் என்று வட்டமாக்கித் தருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வளர்ச்சித் தரங்களின்படி, வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 112 பேர், உயரத்திற்கேற்ற எடை இல்லாதவர்கள் 60 பேர், வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள் 96 பேர்.

அறிக்கை வட்டார மருத்துவ அலுவலருக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் செல்ல வேண்டும். என்னுடன் பணிபுரிபவர் எழுதிய வரைவில், "வளர்ச்சிக் குன்றல் 28 சதவீதம், உடல் மெலிவு 15 சதவீதம், எடைக்குறைவு 24 சதவீதம், ஆக 67 சதவீதக் குழந்தைகள் ஊட்டச்சத்துக் குறைபாட்டுடன் உள்ளனர்" என்று இருக்கிறது. ஒரே குழந்தை இரண்டு மூன்று இடங்களில் எண்ணப்பட்டிருப்பதால் இந்தக் கூட்டல் செல்லாது என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் கூட்டாமல் விட்டால், மூன்று சதவீதங்களும் தனித்தனியே நின்று, படிப்பவருக்கு எதைச் செய்ய வேண்டும் என்று விளங்காமல் போய்விடுகிறது. இதை எப்படி எழுதலாம்?

செந்தாமரை

நான் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள், அம்மா. மூன்றையும் எழுதிக் குழப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. எடைக்குறைவில் உயரம் குன்றியவர்களும் வந்துவிடுகிறார்கள், மெலிந்தவர்களும் வந்துவிடுகிறார்கள். எடைக் கருவி எல்லா அங்கன்வாடியிலும் இருக்கிறது, தாய்மார்களுக்கும் எடை புரியும். அந்த 96 பேரின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் மருத்துவர் பார்த்துக்கொள்வார். உயரம் அளப்பதில்தான் பிழை அதிகம் வரும், எடையில் அவ்வளவு வராது.

அளவுநூல்

செந்தாமரை அம்மா கடைசியாகச் சொன்னது முழுவதும் சரி, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் முதலில் சொன்னது பாதிதான் சரி. எடைக்குறைவு என்பது மூன்றாவது ஒரு குறைபாடு அன்று. மற்ற இரண்டும் கலந்து ஒரே எண்ணாகத் தெரிவதுதான் அது. அந்தக் கலவையிலிருந்து எது எவ்வளவு என்று பின்னால் பிரித்தெடுக்க முடியாது.

இரண்டு ஆண் குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் சரியாக 24 மாதம், இருவரின் எடையும் 9.5 கிலோ. அந்த வயது ஆண் குழந்தைக்கு எடைக்குறைவின் எல்லை 9.7 கிலோ என்பதால் இருவருமே எடைக்குறைவுப் பட்டியலில் வருவார்கள். முதல் குழந்தையின் உயரம் 79 செ.மீ. அந்த வயதுக்குக் குன்றலின் எல்லை 81 செ.மீ. என்பதால் அவன் உயரம் குன்றியவன். ஆனால் 79 செ.மீ. உயரத்திற்கு 9.5 கிலோ என்பது போதுமான எடை, அவனிடம் மெலிவு இல்லை. இரண்டாமவனின் உயரம் 86 செ.மீ., வயதுக்கு ஏறக்குறைய நடுத்தர உயரம். அந்த உயரத்திற்கு 9.5 கிலோ மிகவும் குறைவு, அவன் மெலிந்தவன். இவனை இந்த வாரமே யாராவது பார்க்க வேண்டும். முதலாமவனுக்கு நேர்ந்ததோ கருவுற்ற காலத்திலிருந்து இரண்டு ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக நேர்ந்தது. அவனுக்கு அவசர சிகிச்சை உணவு கொடுத்தால் எடை கூடுமே தவிர, இழந்த உயரம் அதனால் திரும்பாது. எடைப் பட்டியல் இந்த இருவரையும் ஒரே வரியில் நிறுத்திவிடுகிறது.

பொன்னிநதி அவர்களுக்கு என் பரிந்துரை: மூன்று சதவீதங்களை எழுதுவதற்கு முன், ஒவ்வொரு குழந்தையும் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் விழும்படி உங்கள் 400 பேரையும் பிரித்துப் பாருங்கள். பீட்டர் ஸ்வெட்பெர்க் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த கூட்டுக் குறியீட்டின் வழி அதுதான். குறை எதுவும் இல்லாதவர்கள் ஒரு கட்டம், ஏதேனும் ஒரு குறை மட்டும் உள்ளவர்கள் மூன்று கட்டங்கள், இணைந்து வருபவர்கள் மூன்று கட்டங்கள், ஆக ஏழு. மெலிவும் குன்றலும் இருந்து எடைக்குறைவு இல்லாத குழந்தை என்ற எட்டாவது கட்டம் கணக்கின்படியே அமைய முடியாது. உங்கள் அட்டவணையில் அப்படி யாரேனும் வந்தால், கணக்கில் எங்கோ தவறு இருக்கிறது என்று பொருள்.

பொன்னிநதி

மிக்க நன்றி, ஐயா. பிரித்துப் பார்த்தேன். குறை ஏதும் இல்லாதவர்கள் 232. மெலிவு மட்டும் 20, குன்றல் மட்டும் 52, எடைக்குறைவு மட்டும் 8. மெலிவும் எடைக்குறைவும் 28, குன்றலும் எடைக்குறைவும் 48, மூன்றும் உள்ளவர்கள் 12. கூட்டினால் சரியாக 400 வருகிறது, எட்டாவது கட்டத்தில் யாரும் இல்லை.

அதாவது ஏதேனும் ஒரு குறை உள்ளவர்கள் 168 பேர், 42 சதவீதம். 67 சதவீதம் அன்று.

அளவுநூல்

இப்போது செந்தாமரை அம்மாவின் யோசனையை இந்த எண்களில் வைத்துப் பார்க்கலாம். 96 பேரின் எடைக்குறைவுப் பட்டியலை மட்டும் மருத்துவரிடம் கொடுத்தால், மெலிந்த 60 பேரில் 20 பேர் அந்தப் பட்டியலில் இருக்கவே மாட்டார்கள். மூன்றில் ஒருவர் விடுபடுகிறார். அந்த 96 பேரில் 56 பேருக்கோ மெலிவே இல்லை. மருத்துவரின் நேரம் பாதிக்கு மேல் அவர்களிடம் போய்விடும்.

செந்தாமரை

கணக்கு புரிகிறது, தம்பி. ஆனால் மூன்றும் உள்ள அந்த 12 பேர் எல்லோரும் எடைக்குறைவுப் பட்டியலில் இருக்கிறார்கள் அல்லவா? என் அனுபவத்தில் மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்து கைமீறிப் போனவர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட குழந்தைகள்தான். உயரமும் இல்லை, சதையும் இல்லை.

அளவுநூல்

அதை மறுக்க மாட்டேன், அம்மா. மெலிவும் குன்றலும் சேர்ந்த குழந்தைகளுக்கு இறப்பு ஆபத்து தனித்தனியாக இருப்பதைவிட மிக அதிகம் என்று பல நாட்டுத் தரவுகள் காட்டுகின்றன. அவர்கள் அனைவரும் எடைக்குறைவிலும் வருவார்கள். ஆகவே மிகக் கடுமையான எடைக்குறைவை ஆபத்தான குழந்தைகளைக் கண்டறியும் வழியாகப் பயன்படுத்தலாமா என்ற விவாதம் துறையில் இப்போதும் நடக்கிறது. ஆனால் அது வீட்டு வாசலில் குழந்தையைத் தேடுவதற்கான கேள்வி. அறிக்கையில், வட்டாரத்தில் என்ன நடக்கிறது என்று அலுவலருக்குச் சொல்வதற்கு எடைக்குறைவு மட்டும் போதாது.

வேலவன்கோட்டை

ஒரு சந்தேகம். நம் ஊர் மக்களே உயரம் குறைந்தவர்கள்தானே? என் மனைவி ஐந்தடிக்கும் குறைவு, என் மகளும் வகுப்பில் குள்ளம், ஆனால் நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடி விளையாடுகிறாள். வெளிநாட்டு அளவுகோலை வைத்து அவளையும் குன்றியவள் என்று எழுதிவிடுவீர்களா? மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?

அளவுநூல்

ஐயா, இந்த இழை ஒரு வட்டாரத்தின் கணக்கெடுப்பைப் பற்றியது. தங்கள் மகளைப் பற்றி ஒரே ஒரு அளவை வைத்து இங்கிருந்து யாரும் சொல்ல முடியாது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை அளந்து, வளர்ச்சிக் கோடு எப்படிப் போகிறது என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

அளவுகோலைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். 2006 தரங்கள் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் 1997 முதல் 2003 வரை அளந்த குழந்தைகளிடமிருந்து எடுக்கப்பட்டவை. இந்தியப் பகுதி டெல்லி. தாய்ப்பாலும் நல்ல சூழலும் கிடைத்த குழந்தைகள் ஆறு இடங்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நீளமாக வளர்ந்தார்கள் என்பதுதான் அந்த ஆய்வின் முக்கியமான முடிவு. பெற்றோரின் உயரத்தால் தனித்தனிக் குழந்தைகள் வேறுபடுவார்கள், அது இயல்பு. நூறில் இரண்டு மூன்று பேர் எந்தச் செழிப்பான ஊரிலும் எல்லைக்குக் கீழே இருப்பார்கள். ஆனால் நூறில் 28 பேர் இருந்தால், அது குடும்ப உயரத்தின் கதை அன்று.

வட்டாரப் பணி

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரியும் மருத்துவன். இத்தகைய அறிக்கைகள் என் மேசைக்கு வருகின்றன. படிப்பவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்களுக்கு வரும் அறிக்கைகளில் முதல் நான்கு பக்கங்கள் ஊட்டச்சத்தின் இன்றியமையாமையைப் பற்றி இருக்கும். அது எங்களுக்குத் தேவையில்லை. முதல் பக்கத்தில் எனக்கு வேண்டியவை: எந்த மாதத்தில் அளந்தீர்கள், எத்தனை குழந்தைகளை அளக்கவிருந்து எத்தனை பேரை அளந்தீர்கள், கடுமையாக மெலிந்தவர்கள் எத்தனை பேர், இரு பாதங்களிலும் வீக்கம் உள்ளவர்கள் எத்தனை பேர், அவர்கள் ஏற்கெனவே எங்களிடம் அனுப்பப்பட்டுவிட்டார்களா. பாத வீக்கம் உள்ள குழந்தையின் எடை நீரினால் கூடித் தெரியும் என்பதால், உயரத்திற்கேற்ற எடையில் அது தப்பிவிடும். அதை எடை எப்படியிருந்தாலும் கடுமையான நிலையில் சேர்த்துவிட்டுத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

மாதத்தை ஏன் கேட்கிறேன் என்றால், மெலிவு வாரக் கணக்கில் மாறும். வயிற்றுப்போக்கு மிகுந்த காலத்தில் அளந்த 15 சதவீதமும், அறுவடைக்குப் பிறகு அளந்த 15 சதவீதமும் எனக்கு ஒன்றல்ல.

இன்னொன்று. குன்றலின் 112 பேரையும் பெயர்ப் பட்டியலாக்கி "தகுந்த நடவடிக்கைக்காக" என்று அனுப்பாதீர்கள். நாலரை வயதுக் குழந்தை குன்றியிருந்தால் நான் எந்த மருந்தும் எழுத முடியாது. ஆனால் "ஒரு வயதுக்குள் எத்தனை, இரண்டாம் ஆண்டில் எத்தனை" என்று வயதுவாரியாகக் கொடுத்தால், இணை உணவு தொடங்கும் காலத்தில் சரிகிறதா, பிறப்பிலேயே தொடங்குகிறதா என்று தெரியும். அதை வைத்துக் கர்ப்பகாலக் கவனிப்பையும் அங்கன்வாடிப் பணியாளர்களின் வீட்டுச் சந்திப்பையும் மாற்றி அமைக்கலாம்.

பொன்னிநதி

மருத்துவர் அவர்களுக்கு நன்றி. வயதுவாரியாகப் பிரித்தபோது ஒன்று உறுத்துகிறது. 12 முதல் 23 மாதக் குழந்தைகளிடம் குன்றல் திடீரென்று ஏறுகிறது. ஏறுவது இயல்புதான் என்று படித்திருக்கிறேன். ஆனால் எங்கள் மூன்று குழுக்களில் ஒரு குழு அளந்த கிராமங்களில் மட்டும் அது மற்ற இரண்டைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. இதை உண்மையான வேறுபாடு என்று எழுதலாமா?

அளவுநூல்

எழுதுவதற்கு முன் அளவீட்டைச் சந்தேகியுங்கள். செந்தாமரை அம்மா உயரத்தில்தான் பிழை வரும் என்று முதலிலேயே சொன்னது இங்கேதான் பொருந்துகிறது.

முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் குழு இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் படுக்கவைத்து அளந்ததா, நிற்கவைத்து அளந்ததா என்பது. நிற்கும்போது உயரம் சராசரியாக 0.7 செ.மீ. குறையும். நிற்கவைத்து அளந்துவிட்டுப் படிவத்தில் "படுத்த நிலை" என்று குறித்திருந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் ஆன்த்ரோ மென்பொருள் அதைத் திருத்தாது. ஒரு குழந்தை தன் வயதின் நடுத்தர அளவிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்பதுதான் இசட் மதிப்பு. 18 மாத ஆண் குழந்தைக்கு அந்த 0.7 செ.மீ. ஏறக்குறைய கால் இசட் மதிப்பு. எல்லையருகே நிற்கும் குழந்தைகள் பலரை அது கீழே தள்ளிவிடும்.

அடுத்தது வயது. "ஒன்றரை வயது" என்று பாட்டி சொன்னதை 18 மாதமாக எழுதினார்களா, தாய் சேய் நல அட்டையில் பிறந்த தேதியைப் பார்த்தார்களா? ஒரு வயதுக் குழந்தை மாதத்திற்கு ஒரு செ.மீ.க்கு மேல் வளர்கிறது. அந்த வயதில் ஒரு மாதம் கூட்டி எழுதினால் அரை இசட் மதிப்பு குறைந்துவிடும்.

இந்த இரண்டு பிழைகளையும் வேறுபடுத்த ஒரு வழி உண்டு. வயது தவறினால் குன்றலும் எடைக்குறைவும் கூடும், மெலிவு அசையாது, ஏனெனில் உயரத்திற்கேற்ற எடையில் வயது வருவதே இல்லை. நீளம் குறைவாக அளக்கப்பட்டால் குன்றல் கூடும், எடைக்குறைவு அசையாது, மெலிவு குறையும், ஏனெனில் குட்டையாகக் காட்டப்பட்ட குழந்தைக்கு அதே எடை போதுமானதாகத் தெரியும். அந்தக் குழுவின் கிராமங்களில் மெலிவு மற்ற குழுக்களைவிடக் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு குழுவுக்கும் இசட் மதிப்புகளின் திட்ட விலக்கத்தை எடுத்துப் பாருங்கள். நன்றாக அளந்த கணக்கெடுப்பில் அது ஒன்றையொட்டி இருக்கும். ஸ்மார்ட் கணக்கெடுப்பு முறையில் 0.8 முதல் 1.2 வரை ஏற்கிறார்கள். உயரத்தில் அது 1.5 என்று வந்தால், குழந்தை அசைந்தபோதும் முட்டி மடங்கியிருந்தபோதும் அளவைக் குறித்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படிச் சிதறிய அளவீடு சராசரியை மாற்றாமலேயே எல்லைக்குக் கீழே விழுபவர்களின் எண்ணிக்கையைக் கூட்டிவிடும்.

பொன்னிநதி

ஐயா, பார்த்துவிட்டேன். அந்தக் குழுவின் கிராமங்களில் மெலிவு மற்றவர்களுடையதில் பாதிதான், எடைக்குறைவு ஏறக்குறைய சமம். உயரத்தின் திட்ட விலக்கம் 1.4. அளவுகளில் பெரும்பாலானவை முழு செ.மீ. அல்லது அரை செ.மீ.யில் முடிகின்றன. களப்பணியாளரிடம் கேட்டபோது, குழந்தைகள் அழுததால் இன்ஃபன்டோமீட்டரில் படுக்கவைக்காமல் சிலரை ஸ்டேடியோமீட்டரில் நிற்கவைத்ததாகவும், யார் யார் என்று குறிக்கவில்லை என்றும் சொன்னார்.

அளவுநூல்

அப்படியானால் 0.7 செ.மீ.யை எல்லோருக்கும் கூட்டித் திருத்த முடியாது, யாருக்குக் கூட்ட வேண்டும் என்று தெரியாது. அந்தக் கிராமங்களில் இரண்டு வயதுக்குட்பட்டவர்களை மறுபடி அளப்பதே நேர்மையான வழி. முடியாவிட்டால், அவர்களுடைய உயரம் சார்ந்த இரண்டு முடிவுகளையும் விலக்கிவிட்டு, விலக்கியதையும் காரணத்தையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். எடைக்குறைவு எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

மலையகன்

நான் இலங்கையில் நுவரெலியா மாவட்டத் தோட்டப்புறத்தில் பணியாற்றியவன். எங்கள் பக்கத்து அனுபவம் வேறு. 2016 மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வில் நாடு முழுவதும் குன்றல் 17.3 சதவீதம், மெலிவு 15.1 சதவீதம். நுவரெலியாவில் மட்டும் குன்றல் 30 சதவீதத்தைத் தாண்டியது. நிறைகுறைவை மட்டும் பார்த்த சுகாதார வைத்திய அதிகாரி ஒருவர், தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குத் திரிபோஷ சத்துமாவைக் கூடுதலாக அனுப்பினால் போதும் என்று கருதினார். எங்களிடம் பிரித்த எண்கள் இருந்ததால்தான், இது இன்றைய சாப்பாட்டுக் குறைவு மட்டுமல்ல, குறைந்த நிறையோடு பிறக்கும் பிள்ளைகளின் தொடர்ச்சி என்று அவருக்குக் காட்ட முடிந்தது. ஆகவே உங்கள் அறிக்கையில் பிறப்பு நிறையையும் ஒரு வரியில் சேருங்கள்.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி. கைச்சுற்றளவு நாடாவில் 11.5 செ.மீ.க்குக் கீழ் வரும் பிள்ளைகளும், உயரத்திற்கேற்ற நிறையில் கடுமையாக மெலிந்த பிள்ளைகளும் எங்களிடம் வெவ்வேறு ஆட்களாக வந்தார்கள். எந்தப் பட்டியலைக் கொடுப்பது?

வட்டாரப் பணி

இரண்டையும் கொடுங்கள், ஆனால் கலக்காதீர்கள். நாடா சிறு குழந்தைகளை அதிகம் பிடிக்கும், உயரத்திற்கேற்ற எடை சற்றுப் பெரிய குழந்தைகளை அதிகம் பிடிக்கும். இரண்டில் எதில் வந்தாலும் நான் பார்ப்பேன். சதவீதத்தை மட்டும் ஒரே முறையில் கணக்கிட்டு, எந்த முறை என்று எழுதுங்கள்.

செந்தாமரை

வேலை நாளில் அங்கன்வாடிப் பணியாளர் இரண்டு பட்டியல்களையும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாரா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஒரு பட்டியல் என்றால் போவார்.

அளவுநூல்

அது நியாயமான கவலை. அதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை.

பொன்னிநதி அவர்களே, ஒப்பீட்டைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் குன்றல் 25.0 சதவீதம், மெலிவு 14.6 சதவீதம். உங்கள் 28ஐயும் 15ஐயும் பார்த்து "மாநிலச் சராசரியைவிட அதிகம்" என்று எழுதத் தோன்றும். கிராமம் கிராமமாகத் தேர்ந்தெடுத்த கூறுமுறையில் நிச்சயமின்மை கூடும். அதைக் குறிக்கும் வடிவமைப்பு விளைவை 1.5 என்று வைத்தால், 15 சதவீதம் என்பது 11க்கும் 19க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். 28 என்பது 23க்கும் 33க்கும் இடையில். மாநில எண்கள் இரண்டும் அந்த இடைவெளிக்குள்ளேயே இருக்கின்றன. மெலிவில் 15ஐத் தொட்டால் "மிக அதிகம்" என்பது 2018இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வகுத்த எல்லை. உங்கள் எண் அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. "அதிகம் அல்லது மிக அதிகம்" என்பதற்கு மேல் சொல்ல இந்தத் தரவில் இடமில்லை. கிராமத்துக்கு இருபது குழந்தைகளை வைத்துக் கிராமவாரிச் சதவீதம் போடவே வேண்டாம்.

பொன்னிநதி

அனைவருக்கும் நன்றி. மறு அளவீட்டுக்கு அடுத்த வாரம் செல்கிறோம். அதன் பிறகு எண்கள் மாறும். இப்போதைக்கு முதல் பக்கத்தின் வரைவு இது:

"அளந்த 400 குழந்தைகளில் 60 பேர் (15 சதவீதம், 11 முதல் 19 வரை இருக்கலாம்) தம் உயரத்திற்குத் தேவையான எடையின்றி மெலிந்துள்ளனர். இவர்களில் 20 பேர் எடைக்குறைவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆகவே அங்கன்வாடி எடைப் பதிவை மட்டும் வைத்து இவர்களைக் கண்டறிய இயலாது. கடுமையாக மெலிந்தவர்கள், பாத வீக்கம் உள்ளவர்கள் ஆகியோரின் பெயர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தனியே அனுப்பப்பட்டுள்ளன. 112 பேர் (28 சதவீதம், 23 முதல் 33 வரை) வயதுக்கேற்ற உயரம் இன்றி உள்ளனர், இவர்களில் 100 பேரிடம் மெலிவு இல்லை. இது தனித்தனிக் குழந்தைகளை அனுப்பிவைப்பதற்கான பட்டியல் அன்று. வயதுவாரி அட்டவணை இரண்டாம் பக்கத்தில் உள்ளது. எடைக்குறைவு 96 பேரிடம் (24 சதவீதம்) உள்ளது. இவர்களுள் 88 பேர் மேற்கண்ட இரண்டு வகைகளில் ஏற்கெனவே எண்ணப்பட்டவர்கள். ஆகவே மூன்று சதவீதங்களையும் கூட்டக் கூடாது."

வட்டாரப் பணி

இதை நான் படிப்பேன். அளந்த மாதம் இன்னும் இல்லை, சேருங்கள். பெயர்கள் அனுப்பப்பட்ட தேதியையும் எழுதுங்கள், வந்து சேரவில்லை என்றால் நான் கேட்பதற்கு அது வேண்டும்.

அளவுநூல்

மறு அளவீட்டில் ஒவ்வொரு குழந்தையையும் இருவர் தனித்தனியாக அளக்கட்டும், முதலாமவர் குறித்ததை இரண்டாமவர் பார்க்க வேண்டாம். படுக்கவைக்கும்போது தாய் தலைப்பக்கம் நின்று குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால் அழுகை குறையும். முழங்காலை மென்மையாக அழுத்தி, இரு பாதங்களும் பலகையைத் தொட்ட பிறகே அளவைப் படியுங்கள். மில்லிமீட்டர் வரை குறியுங்கள்.